கவுன்சிலருக்கு ஒரு மெயில்: பரீட்சை நாள் காலையில மட்டும் வர்ற வாந்தி

இந்த எபிசோட்ல ஒரே ஒரு மெயிலைப் பத்தித்தான் பேசப் போறேன். எங்க அக்காவும் மாமாவும் தங்கள் பொண்ணோட ஸ்கூல் கவுன்சிலருக்கு எழுதின மெயில். பொண்ணு சென்னையில ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல பத்தாவது படிக்கிறா. பரீட்சை பயம்னு நாம சாதாரணமா சொல்ற ரகம் இல்ல, அதுக்கு ரொம்ப மேல. இதைப் பேசலாமான்னு அவகிட்டயே கேட்டேன். "ஸ்கூல் பேர், என் பேர் ரெண்டும் வராதுன்னா பேசு மாமா"ன்னா. அதனால ரெண்டும் வராது.

முதல்ல என்ன நடந்ததுன்னு சொல்லிடறேன். செப்டம்பர்ல அரையாண்டுத் தேர்வு. அஞ்சு பேப்பர்ல மூணு நாள், காலையில ஏழு மணிக்கு வாந்தி. கணக்கு பரீட்சை அன்னைக்கு ஹால்ல கேள்வித்தாளைக் கையில வாங்கினதும் கை நடுங்கியிருக்கு, நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கு, எழுத்தெல்லாம் மங்கலாத் தெரிஞ்சிருக்கு. மூணு மணி நேரப் பேப்பர்ல 22 மார்க்குக்கான கேள்விகளை மட்டும் எழுதிட்டு, மீதியை வெள்ளையா விட்டுட்டு வந்துட்டா. ரெண்டு நாள் கழிச்சு, வீட்டு டைனிங் டேபிள்ல உட்கார்ந்து அதே பேப்பரை யாரும் சொல்லாம அவளே போட்டுப் பார்த்திருக்கா. மாமா திருத்தினார். 80-க்கு 61.

இந்த 22-க்கும் 61-க்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் இன்னைக்கு மேட்டரே. ரெண்டாவது தடவை போடும்போது கேள்வி முன்னாடியே தெரியும், அதனால கொஞ்சம் கூடத்தான் வரும். அதைக் கழிச்சுட்டாலும், இது படிக்காத பிள்ளையோட பிரச்சினை இல்லன்னு தெளிவாத் தெரியுது.

ஏன் இப்படி ஆகுதுன்னு சுருக்கமா. உடம்பு ஒரு ஆபத்தைப் பார்த்தா அட்ரினலினை அள்ளி விடும். இதயம் வேகமா அடிக்கும், வயித்துக்குப் போற ரத்தம் குறையும், செரிமானம் நிக்கும். அதனாலதான் குமட்டல். நாய் துரத்தும்போது இது உதவும். இருபடிச் சமன்பாடு போடும்போது உதவாது. ஒரு கணக்கைப் போட, நடுவுல வர்ற எண்களை மனசுல கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சுக்கணும் இல்லையா, அந்த இடம் ரொம்பச் சின்னது. "ஃபெயில் ஆயிடுவேனோ"ங்கிற யோசனை வந்து அங்க உட்கார்ந்துட்டா கணக்குக்கு இடம் இல்ல. நம்ம பாஷையில சொன்னா, ரேம் முழுக்க ஒரே ப்ராசஸ் தின்னுடுது. படிச்சது ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கு, எடுத்துப் போட இடம்தான் இல்ல.

சரி, மெயிலுக்கு வருவோம்.

அக்கா முதல்ல எழுதினதை எனக்கு அனுப்பினா, இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பார்க்க. ரெண்டு பக்கத்துக்கும் மேல. எல்கேஜில அழுதது, ஆறாவதுல ஒரு மிஸ் திட்டினது, கணக்கு சார் கிளாஸ்ல எல்லார் மார்க்கையும் சத்தமாப் படிக்கிறது, கொரோனா நேரத்து ஆன்லைன் கிளாஸ், மாமியார் சொன்ன கமெண்ட் எல்லாம் இருந்துச்சு. கடைசி வரி: "தயவுசெய்து ஏதாவது உதவி செய்யுங்கள்."

அதுல எதுவும் பொய் இல்ல. ஆனா அதைப் படிக்கிற கவுன்சிலர் என்ன செய்யணும்? "ஏதாவது"ன்னா என்ன? பெரும்பாலான ஸ்கூல்கள்ல ஒரு கவுன்சிலர், நூத்துக்கணக்கான பிள்ளைங்க. நம்ம ஆபீஸ்ல "ஆப் வேலை செய்யல, சீக்கிரம் பாருங்க"ன்னு ஒரு டிக்கெட் வந்தா நாம என்ன பண்ணுவோம்? எப்ப, எந்த ஸ்க்ரீன்ல, எத்தனை தடவைன்னு திருப்பிக் கேட்போம். அந்தப் பதில் வந்து சேர ஒரு வாரம். நவம்பர் ரெண்டாவது வாரம் அடுத்த டெஸ்ட், மெயில் எழுதினது அக்டோபர் நடுவுல. ஒரு வாரம்னா பெரிய விஷயம்.

கணக்கு சார் விஷயத்தை அக்கா விட மாட்டேன்னுட்டா. "டேய், அவர் பண்றது தப்புதானேடா?" தப்புதான். ஆனா ஒரே மெயில்ல ஒரு புகாரும் ஒரு உதவிக் கோரிக்கையும் இருந்தா, ஸ்கூல் புகாருக்குத்தான் பதில் எழுதும். கவுன்சிலரும் அந்த சாரும் ஒரே ஸ்டாஃப் ரூம். இதுல எனக்கு ஒரு திட்டமான கருத்து உண்டு: புகார் வேணும்னா பிரின்சிபாலுக்குத் தனியா, வேற நாள்ல போகட்டும். இந்த மெயில்ல அதே விஷயம் ஒரு கோரிக்கையா வரலாம். அப்படித்தான் வந்துச்சு, இப்போ பார்ப்பீங்க.

அனுப்பினது இங்கிலீஷ்ல. தமிழ்ல படிக்கிறேன். சப்ஜெக்ட் வரியில பொண்ணு பேரோ "ஆங்சைட்டி"ங்கிற வார்த்தையோ வைக்கல. ஸ்கூல் மெயில் ஐடிகளை ஆபீஸ்ல நாலு பேர் திறப்பாங்க, நோட்டிஃபிகேஷன்ல சப்ஜெக்ட் மட்டும் தெரியும். அதனால "பத்தாம் வகுப்பு மாணவி தொடர்பாகச் சந்திக்க வேண்டுகோள் – நவம்பர் தேர்வுக்கு முன்" அப்படின்னு மட்டும்.

"அன்புள்ள மேடம்,

எங்கள் மகள் உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பெயரும் பிரிவும் கடிதத்தின் கீழே உள்ளன. தேர்வு நேரத்தில் அவளுக்கு வரும் கடும் பதற்றம் குறித்து உங்கள் உதவி கேட்டு எழுதுகிறோம். இந்தக் கடிதத்தை அவளும் படித்திருக்கிறாள்.

கடந்த ஜூலைத் தேர்வில், கணக்குத் தாளின்போது வயிற்று வலி என்று இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். செப்டம்பர் அரையாண்டில் ஐந்து தேர்வு நாள்களில் மூன்று நாள் காலையில் வாந்தி எடுத்தாள். கணக்குத் தேர்வுக்கு முந்தைய இரவு சுமார் மூன்று மணி நேரமே தூங்கினாள். அந்தத் தாளில் 22 மதிப்பெண்ணுக்கான கேள்விகளை மட்டுமே எழுதினாள். இரண்டு நாள் கழித்து அதே தாளை வீட்டில் எழுதியபோது 61 பெற்றாள். இரண்டு விடைத்தாள்களின் நகலையும் நேரில் கொண்டுவருகிறோம்.

தேர்வு இல்லாத வாரங்களில் நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பாட்மின்டன் விளையாடுகிறாள். குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, இரும்புச் சத்து உட்பட எல்லாம் சரியாக உள்ளன. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டோம். இல்லை என்றாள். அது மாறினால் மின்னஞ்சல் எழுதாமல் அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைப்போம்.

நாங்கள் கேட்பது இவை. நவம்பர் தேர்வுக்கு முன் நீங்கள் அவளை ஒருமுறையாவது தனியாகச் சந்திக்க வேண்டும். விளையாட்டு வகுப்பு நேரம் வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொள்கிறாள். நவம்பர் தேர்வை மட்டும், அதே நேரத்தில் அதே கேள்வித்தாளுடன், ஒரு சிறிய அறையில் எழுத முடியுமா என்று பாருங்கள். பதற்றம் அதிகமானால் கை தூக்கிக் காரணம் சொல்லாமல் ஐந்து நிமிடம் வெளியே போய்வர ஓர் ஏற்பாடு வேண்டும். அவளுடைய மதிப்பெண்ணை வகுப்பில் வாசிக்காமல் விடைத்தாளை மடித்துக் கையில் தர வேண்டும்.

தேர்விலிருந்து விலக்கோ கூடுதல் மதிப்பெண்ணோ கேட்கவில்லை. டிசம்பர் முன்மாதிரித் தேர்வை மற்றவர்களுடன் ஹாலிலேயே எழுதும் நிலைக்கு அவள் வர வேண்டும் என்பதே எண்ணம். வெளியில் உளவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கருதினால் சொல்லுங்கள். எழுத்து, வாசிப்பு வேகத்தில் ஆசிரியர்கள் ஏதாவது கவனித்திருந்தாலும் அறிய விரும்புகிறோம்.

அடுத்த வாரம் எந்த நாளும் மாலை நான்கு மணிக்குப் பிறகு வர முடியும்."

கீழே ரெண்டு பேர் பேரும், ஒரே ஒரு ஃபோன் நம்பரும். அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள்ள அடங்கிடுச்சு.

இதுல சில இடங்கள்ல நின்னு பேசணும்.

"இந்தக் கடிதத்தை அவளும் படித்திருக்கிறாள்". இந்த வரிக்காக வீட்ல ஒரு நாள் சண்டை. அக்காவுக்கு அவளுக்குத் தெரியாம அனுப்பணும், தெரிஞ்சா இன்னும் டென்ஷன் ஆவான்னு. ஆனா பதினஞ்சு வயசுப் பிள்ளையைக் கிளாஸ்ல இருந்து "கவுன்சிலர் கூப்பிடறாங்க"ன்னு ஆயாம்மா வந்து கூட்டிட்டுப் போனா, அவ என்ன நினைப்பா? உள்ள போனதும் வாயே திறக்க மாட்டா. கடைசியில மாமாதான் லேப்டாப்பை அவகிட்ட நீட்டினார். அவ ரெண்டு இடத்துல திருத்தினா. அதுல ஒண்ணுதான் விளையாட்டு வகுப்பு வரி. அவளுக்கு வாரத்துல ரெண்டே ரெண்டு பி.டி. பீரியட், அதையும் பிடுங்கினா எப்படி?

அடுத்து, தன்னைக் காயப்படுத்திக்கிற எண்ணம் பத்திக் கேட்டது. நிறைய பெற்றோர் இதைக் கேட்கப் பயப்படறாங்க, கேட்டா அந்த எண்ணத்தை நாமே உள்ள போட்ட மாதிரி ஆயிடுமோன்னு. மனநல மருத்துவர்கள் சொல்றது நேர் எதிர். நேராக் கேக்கறது அந்த எண்ணத்தை உண்டாக்காது, சொல்றதுக்கு ஒரு வழிதான் திறக்கும். அக்கா கேட்டது ரொம்ப சாதாரணமா, சப்பாத்தி மாவு பிசைஞ்சுக்கிட்டே: "பரீட்சை நினைச்சா செத்துடலாம்னெல்லாம் தோணுதாடி?" "அவ்ளோல்லாம் இல்லம்மா"ன்னு பதில். "ஆமா"ன்னோ, "சில நேரம்"னோ பதில் வந்திருந்தா இந்த மெயிலுக்கே வேலை இல்ல. பிள்ளையைத் தனியா விடாம, அன்னைக்கே டாக்டர். இது ராத்திரி பதினொரு மணிக்கு நடந்தா 14416. மத்திய அரசோட டெலி மானஸ், 2022-ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டுல 104-ம் இருக்கு.

இப்போ முக்கியமான இடம்: ஏன் விலக்கு கேட்கல?

பாட்டி முதல்ல சொன்னது அதுதான். "பிள்ளை இவ்வளவு கஷ்டப்படுது, நவம்பர் பரீட்சைக்கு லீவு போட்டுடுங்க." அன்புலதான் சொல்றாங்க. அன்னைக்குக் காலையில வாந்தி நிஜமாவே நின்னுடும். எட்டு மணிக்கு லீவுன்னு முடிவானா எட்டேகாலுக்குப் பிள்ளை சிரிச்சுக்கிட்டு தோசை கேக்கும். நடிப்புன்னு திட்டுவோம். நடிப்பு இல்ல, ஆபத்து போயிடுச்சுன்னு உடம்பு ஆஃப் ஆயிடுச்சு. ஆனா அதுலதான் சிக்கல். மூளை கத்துக்கிற பாடம்: பரீட்சை நிஜமாவே ஆபத்து, தப்பிச்சதாலதான் பிழைச்சேன். அடுத்த தடவை பயம் ஒரு படி கூடித்தான் வரும். ஜூலையில இருபது நிமிஷத்துல வெளியே வந்தவளுக்கு செப்டம்பர்ல குறையாம கூடினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அதனால உளவியல்ல இதுக்குப் பண்றது படிப்படியா பழக்கறது. தாங்கக்கூடிய அளவு பயத்துல உட்கார வச்சு, அது தானா இறங்கறதை அவளே பார்க்கணும். பயம் உச்சத்துக்குப் போய் அங்கேயே நிக்காது, இறங்கும். ஓடிப்போனவங்களுக்கு அந்த இறக்கம் தெரியவே தெரியாது. சின்ன ரூம் ஒரு படி, பெரிய ஹால் அடுத்த படி. அஞ்சு நிமிஷம் வெளியே போறதும் திரும்பி வரத்தான், வீட்டுக்குப் போக இல்ல. ஒரு சலுகை கேட்கும்போது நீங்க பார்க்க வேண்டியது இதுதான்: இது அவளை ஹாலுக்குள்ள இருக்க வைக்குதா, இல்ல வெளியே வைக்குதா?

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பத்தாவது போர்டு எக்ஸாம் பெரும்பாலும் வேற ஸ்கூல்ல, வேற சென்டர்ல. அங்க நம்ம கவுன்சிலர் கிடையாது, கதவுப் பக்கத்து சீட் கிடையாது, ரோல் நம்பர் எங்க ஒட்டியிருக்கோ அங்கதான். சிபிஎஸ்இ-ல மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு, உரிய சான்றிதழோட, கூடுதல் நேரமும் சொல்வதை எழுதறவரும் உண்டு. கற்றல் குறைபாடு அதுல வரும். பரீட்சைப் பதற்றம்னு தனியா ஒரு வகை அதுல இல்ல. அப்போ ஸ்கூல் தர்ற எந்த ஏற்பாடும் பிப்ரவரிக்குள்ள அவிழ்த்து எடுக்கக் கூடியதா இருக்கணும். சைக்கிளுக்குப் பக்கத்துல மாட்டுற சின்னச் சக்கரம் மாதிரி.

மெயில் கடைசியில எழுத்து, வாசிப்பு வேகம் பத்திக் கேட்டது மாமா சேர்த்த வரி. நல்ல வரி. சில பிள்ளைங்களுக்குப் பதற்றம்தான் மேல தெரியும், அடியில கண்டுபிடிக்காத கற்றல் குறைபாடு இருக்கும். கேள்வியைப் படிச்சு முடிக்கவே நேரம் போதாதவன் பதறாம என்ன பண்ணுவான்? அங்க மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து பிரயோஜனம் இல்ல, சோதிச்சு சான்றிதழ் வாங்கணும். வீட்லயும் தப்பு தப்பா வருதா, நேரம் போதலையாங்கிறது ஒரு அடையாளம். இவ வீட்ல நேரத்துக்குள்ள 61 எடுத்ததால அந்தச் சந்தேகம் குறைவு. ஆனாலும் டீச்சர்கள் பார்க்கறதை நாம பார்க்கறதில்ல.

கவுன்சிலர் டாக்டர் இல்லங்கறதும் ஞாபகம் இருக்கட்டும். நோய்னு முடிவு சொல்றதும் மாத்திரை எழுதறதும் அவங்க வேலை இல்ல. அவங்களால முடியறதை டாக்டரால செய்ய முடியாது: கணக்கு சார்கிட்ட பேசறது, ஹால் சூப்பர்வைசருக்குச் சொல்லி வைக்கறது, லஞ்ச்ல பிள்ளை யார்கூட உட்கார்றான்னு பார்க்கறது. அதைத்தான் அவங்ககிட்ட கேக்கணும். வெளியில பார்க்கணும்னா ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவுல பதிவு பண்ணின கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இல்லாட்டி சைக்கியாட்ரிஸ்ட். காசு யோசிக்கறவங்க, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு, அங்க போங்க.

மெயில் திங்கள்கிழமை காலையில போச்சு. கிளாஸ் டீச்சருக்கு சிசி வேணும்னு மாமா சொன்னார், பொண்ணு வேண்டாம்னா. அவ சொன்னதுதான் நடந்துச்சு. யார் யாருக்குச் சொல்லணும்னு கவுன்சிலரோட உட்கார்ந்து அவளே முடிவு பண்ணட்டும்னு.

ரெண்டு நாள்ல பதில். வெள்ளிக்கிழமை வரச் சொன்னாங்க. கேட்டதெல்லாம் கிடைக்கல. தனி ரூமுக்கு சூப்பர்வைசர் இல்ல, முடியாதுன்னுட்டாங்க. பதிலா ஹால்லயே கடைசி வரிசை, கதவுப் பக்கம். அஞ்சு நிமிஷ ஏற்பாட்டுக்கு ஒரு மஞ்சள் கார்டு: டெஸ்க் ஓரத்துல வச்சுட்டு எழுந்து போலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. மார்க் விஷயத்துல, அவளுக்கு மட்டும் மடிச்சுத் தந்தா மத்த பசங்க கவனிப்பாங்கன்னு சொல்லி, கிளாஸ்ல எல்லாருக்குமே மடிச்சுத் தர ஏற்பாடு பண்ணிட்டாங்க. நாங்க கேட்டதை விட இது நல்ல யோசனை.

அதோட அவங்க அக்கா மாமாகிட்ட திருப்பி ஒண்ணு கேட்டாங்க. ராத்திரி சாப்பிடும்போது "போர்ஷன் முடிச்சியா?"ன்னு கேக்கறதை நிறுத்தணும். அதே மாதிரி பொண்ணு "நான் பாஸ் ஆயிடுவேனாம்மா?"ன்னு கேக்கும்போதெல்லாம் "கண்டிப்பா ஆயிடுவ"ன்னு சொல்றதையும் குறைக்கணும். அக்காவுக்கு இது புரியவே இல்ல, ஆறுதல் சொல்றது தப்பான்னு. ஆறுதல் பத்து நிமிஷம்தான் தாங்கும், அப்புறம் மறுபடி கேப்பா, ஒரு நாளைக்கு இருபது தடவை. அதுக்குப் பதிலா "பயமா இருக்கு போல. இப்போ எந்தக் கணக்கு போட்டுட்டு இருக்கே?"ன்னு கேக்கச் சொன்னாங்க. வீட்லயும் வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை, ஹால் மாதிரியே: அலாரம் வச்சு, யூனிஃபார்ம் போட்டு, தண்ணி பாட்டில் வச்சு ஒரு பேப்பர். முதல்ல அரை மணி நேரம், அப்புறம் முழு நேரம். யூனிஃபார்ம் எதுக்குன்னு நான் சிரிச்சேன். ஆனா அந்தச் சட்டை போடும்போதே அவளுக்கு வயிறு பிசையுமாம், அதையும் பழக்கணுமே.

நவம்பர் டெஸ்ட் முடிஞ்சுது. கணக்கு 40 மார்க், ஒன்றரை மணி நேரம். அன்னைக்குக் காலையிலயும் வாந்தி வந்துச்சு. அரை இட்லியோட கிளம்பினா. கேள்வித்தாள் வாங்கி பத்தாவது நிமிஷம் கார்டை வச்சுட்டு வெளியே போய், தண்ணி குடிச்சுட்டு, நாலு நிமிஷத்துல திரும்பி வந்திருக்கா. முடியற வரைக்கும் உட்கார்ந்து எழுதியிருக்கா. ரெண்டு கேள்வி விட்டுப்போச்சு. 40-க்கு 24. சயின்ஸ் அன்னைக்கு வாந்தி இல்ல, கார்டும் எடுக்கல.

டிசம்பர் ப்ரீ-போர்டுக்கு அவளைக் கதவுப் பக்கத்துல இருந்து நடு வரிசைக்கு மாத்தலாம்னு கவுன்சிலர் சொல்றாங்க. அவ கார்டு மட்டும் இருக்கட்டும்னு பேரம் பேசிட்டு இருக்கா. அது முதல் வாரத்துச் சந்திப்புல முடிவாகும்.